வாட்ச் காட்டும் ஓட்ட எண்கள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது (அறிகுறி வாரியாக)

ஓடி முடித்து ஆப்பைத் திறந்தால் பேஸ், இதயத் துடிப்பு எல்லாவற்றுக்கும் கீழே இன்னொரு வரிசை இருக்கும். கிரவுண்ட் கான்டாக்ட் டைம், வெர்டிகல் ஆசிலேஷன், வெர்டிகல் ரேஷியோ, இடது வலது பேலன்ஸ், ஸ்ட்ரைட் லென்த். சில ஆப்களில் பக்கத்திலேயே சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று நிறமும் இருக்கும். சிவப்பைப் பார்த்ததும் "என் ஓட்டமே தப்பா?" என்று ஆரம்பித்து, இணையத்தில் தேடி, காலை வேறு மாதிரி வைக்கப் பழகி, கடைசியில் கெண்டைக்கால் வலியோடு வந்து நிற்பவர்கள் நிறையப் பேர். அந்த வேதனைக்குத் தேவையே இல்லை. இந்த எண்களில் உபயோகமானவை இருக்கின்றன, ஆனால் அவற்றை எப்போது படிக்கலாம், எப்போது படிக்கவே கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதற்கு நேராகப் போகலாம், ஆனால் இரண்டாவது அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், மற்ற எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

பெயர்களை இப்படி வைத்துக்கொள்கிறேன். ஒரு பாதம் தரையைத் தொட்டதிலிருந்து விலகும் வரை ஆகும் நேரம் தரை நேரம், மில்லி செகண்டில். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது மேல்கீழ் அசைவு, சென்டிமீட்டரில். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது கேடன்ஸ், இரண்டு காலையும் சேர்த்து. ஒரு கால் பட்ட இடத்திலிருந்து அடுத்த கால் படும் இடம் வரை அடி நீளம்.

## அறிகுறி 1: நேற்று வரை ஒரு மாதிரி, இன்று திடீரென்று வேறு மாதிரி

தரை நேரம் ஒரே நாளில் 20 மில்லி செகண்ட் ஏறிவிட்டது, அல்லது மேல்கீழ் அசைவு 8-லிருந்து 10-க்குப் போய்விட்டது. முதலில் உங்கள் காலைச் சந்தேகப்படாதீர்கள், அளக்கும் கருவியைச் சந்தேகப்படுங்கள். ஒருவருடைய ஓட்ட முறை ஒரே ராத்திரியில் அவ்வளவு மாறாது.

இந்த எண்கள் எதையும் வாட்ச் நேரடியாக அளப்பதில்லை. உங்கள் பாதத்துக்கு அடியில் எந்த சென்சாரும் கிடையாது. கையிலோ நெஞ்சுப் பட்டையிலோ இருக்கும் ஆக்சிலரோமீட்டர் உடம்பின் குலுங்கலைப் பதிவு செய்கிறது, அந்தக் குலுங்கலின் வடிவத்தை வைத்து "இங்கே கால் பட்டிருக்கும், இங்கே விலகியிருக்கும்" என்று மென்பொருள் கணிக்கிறது. நெஞ்சு, மணிக்கட்டு, ஷூ என்று சென்சார் இருக்கும் இடம் மாறினால் கணிப்பும் மாறும். அதனால் நெஞ்சுப் பட்டை இல்லாமல் போன நாளின் எண்ணை, பட்டையோடு போன நாளின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. வாட்சை மாற்றினாலும் அப்படித்தான், ஒரு கம்பெனியின் 250-உம் இன்னொரு கம்பெனியின் 250-உம் ஒன்றல்ல.

கருவி மாறவில்லையா? சரி, அப்படியானால் இவற்றைப் பாருங்கள். பட்டை தளர்ந்து கீழே இறங்கியிருந்ததா? வாட்ச் கட்டிய கையில் தண்ணீர் பாட்டிலோ போனோ இருந்ததா? கையின் வீச்சு கெட்டுப்போனால் மணிக்கட்டில் இருந்து வரும் கணிப்பு முதலில் கெடும். ஷூ புதிதா, குறிப்பாக அடிப்பகுதி தடிமனாகவும் மெத்தென்றும் இருப்பதா? மணல், புல், ஏற்றம் என்று தரை மாறியதா? அன்று வாட்ச் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா? இதில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றால் அன்றைய எண்ணை ஒதுக்கிவிட்டு, பழைய ஏற்பாட்டில் இன்னொரு முறை ஓடிப் பாருங்கள். மாற்றம் நிரந்தரம் என்றால், அதாவது புது வாட்ச் வாங்கிவிட்டீர்கள் என்றால், பழைய வரைபடத்தை அதோடு நிறுத்திவிட்டு புதிதாகத் தொடங்குங்கள். இரண்டையும் ஒரே கோட்டில் இழுத்துப் பார்த்தால் நடக்காத முன்னேற்றமும் தெரியும், நடக்காத சரிவும் தெரியும்.

டிரெட்மில்லில் மட்டும் எண் கோணலாக வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் வேகம். ஜிபிஎஸ் இல்லாததால் வாட்ச் வேகத்தையே கணித்துச் சொல்கிறது. அடி நீளம் என்பது வேகத்தை கேடன்ஸால் வகுத்து வருவது, வெர்டிகல் ரேஷியோ என்பது மேல்கீழ் அசைவை அந்த அடி நீளத்தால் வகுத்து வருவது. பெல்ட் உண்மையில் மணிக்கு 10 கி.மீ. ஓடுகிறது, வாட்ச் 9 என்று நினைக்கிறது என்று வையுங்கள். 165 கேடன்ஸில் உங்கள் உண்மையான அடி நீளம் 1.01 மீட்டர், வாட்ச் சொல்வது 0.91 மீட்டர். மேல்கீழ் அசைவு 9 செ.மீ. என்றால் ரேஷியோ 8.9% வர வேண்டிய இடத்தில் 9.9% வரும். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, வகுத்தல் தப்பாகிவிட்டது, அவ்வளவுதான். டிரெட்மில்லில் கேடன்ஸை மட்டும் நம்பலாம், தரை நேரத்தை டிரெட்மில் ஓட்டங்களுக்குள்ளேயே வைத்து ஒப்பிடலாம். மீதியை விட்டுவிடுங்கள்.

## அறிகுறி 2: ஈஸி ரன்னில் தரை நேரம் சிவப்பு

அதிகம் பேர் கவலைப்படுவது இதற்குத்தான், கவலை பெரும்பாலும் வீணாவதும் இதில்தான்.

நிறங்கள் எங்கிருந்து வருகின்றன என்று முதலில் பார்ப்போம். கார்மின் கம்பெனியின் வாட்சை எடுத்துக்கொண்டால், பல ஓட்டக்காரர்களின் அளவுகளை வரிசைப்படுத்தி அதில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைத்தான் நிறம் சொல்கிறது. தரை நேரம் 308 மில்லி செகண்டுக்கு மேல் போனால் சிவப்பு, அதாவது கடைசி 5% பேரோடு. 278 முதல் 308 வரை ஆரஞ்சு, 249 முதல் 277 வரை பச்சை, 218 முதல் 248 வரை நீலம், அதற்கும் கீழே ஊதா. இந்த அட்டவணையில் வேகத்துக்கு இடமே இல்லை. கிலோமீட்டருக்கு 4 நிமிடத்தில் ஓடுபவரையும் 7 நிமிடத்தில் ஓடுபவரையும் ஒரே அளவுகோலில் வைக்கிறது. ஆனால் தரை நேரத்தை வேறு எதையும் விட அதிகம் தீர்மானிப்பது வேகம்தான். வேகமாக ஓடினால் குறையும், மெதுவாக ஓடினால் கூடும். எல்லோருக்கும் அப்படித்தான்.

ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சமதளம், ஒரே ஷூ, ஒரே பட்டை, ஒரே காலைப் பொழுது. வார்ம் அப் முடித்துவிட்டு மூன்று பேஸில் தலா 1 கி.மீ. ஓடி, ஒவ்வொன்றையும் தனி லேப்பாகப் பதிவு செய்கிறார்.

7:00 பேஸில் கேடன்ஸ் 158, தரை நேரம் 312. சிவப்பு.
5:45 பேஸில் கேடன்ஸ் 164, தரை நேரம் 272. பச்சை.
5:00 பேஸில் கேடன்ஸ் 170, தரை நேரம் 245. நீலம்.

அரை மணி நேரத்துக்குள் அதே மனிதர், அதே கால்கள். நிறம் மூன்று. 7:00-ல் அவருடைய ஓட்ட முறை கெட்டுப்போய் 5:00-ல் சரியாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? மெதுவாக ஓடினார், அதனால் கால் தரையில் அதிக நேரம் இருந்தது. ஈஸி ரன்னை ஈஸியாக ஓடுவது சரியான காரியம், அதற்குக் கிடைத்த நிறம் சிவப்பு. அந்தச் சிவப்பை நீக்க ஒரே சுலபமான வழி ஈஸி ரன்னை வேகமாக ஓடுவது, அதைச் செய்தால் ஈஸி ரன் எதற்காகவோ அதுவே போய்விடும். இந்த இடத்தில் நிறம் உங்களுக்குக் கெடுதலான ஆலோசனை சொல்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அதனால் முதல் விதி: ஒப்பிடுவதானால் ஒரே பேஸில் மட்டும் ஒப்பிடுங்கள், உங்களை உங்களோடு மட்டும். மேலே சொன்ன மூன்று பேஸ் சோதனையை நீங்களும் ஒரு முறை செய்து எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முழு ஓட்டத்தின் சராசரியை எடுக்க வேண்டாம், சிக்னலில் நின்றது, நடந்தது, மேட்டில் ஏறியது எல்லாம் அதில் கலந்திருக்கும். லேப் எண்களை எடுங்கள். இதுதான் இனிமேல் உங்கள் அளவுகோல். இரண்டு மூன்று மாதம் கழித்து அதே சோதனையை அதே பாதையில் செய்தால், 7:00-ல் 312 இருந்த இடத்தில் 300 வந்திருக்கிறதா என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

கேடன்ஸைக் கூட்டினேன், தரை நேரம் குறைந்தது, நல்லதுதானே?

இதே மனிதருக்கு யாரோ "கேடன்ஸைக் கூட்டு" என்று சொல்கிறார்கள். 7:00 பேஸை மாற்றாமல் 158-ஐ 166 ஆக்குகிறார். தரை நேரம் 312-லிருந்து 297-க்கு இறங்குகிறது, சிவப்பு ஆரஞ்சாகிவிட்டது. மகிழ்ச்சி.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60,000-ஐ கேடன்ஸால் வகுத்தால் ஒரு அடிக்கு எத்தனை மில்லி செகண்ட் என்று வரும். 158-ல் ஒரு அடி 380 மில்லி செகண்ட், அதில் 312 தரையில், அதாவது 82%. 166-ல் ஒரு அடி 361 மில்லி செகண்ட், அதில் 297 தரையில், அதுவும் 82%. அடி சுருங்கியது, அதோடு தரை நேரமும் அதே விகிதத்தில் சுருங்கியது. காலின் துள்ளலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் முந்தைய சோதனையில் 5:00 பேஸில் பாருங்கள், 353-ல் 245, வெறும் 69%. அங்கே உண்மையாகவே கால் வேறு மாதிரி வேலை செய்கிறது.

தரை நேரத்தைத் தனியாகப் பார்ப்பதை விட இந்தப் பங்கைப் பார்ப்பது எவ்வளவோ மேல். வாட்ச் இதைக் காட்டாவிட்டாலும் கைக்கணக்கில் ஒரு நிமிட வேலை:

```
தரைப் பங்கு % = தரை நேரம் × கேடன்ஸ் ÷ 600
```

312 × 158 ÷ 600 போட்டால் 82 வரும். மாதங்கள் கழித்து ஒரே பேஸில் இந்தப் பங்கு குறைந்திருந்தால் மாற்றம் காலில் நடந்திருக்கிறது. தரை நேரம் மட்டும் குறைந்து பங்கு அப்படியே இருந்தால் நீங்கள் அடியைச் சின்னதாக்கியிருக்கிறீர்கள்.

அடியைச் சின்னதாக்குவது கெட்டதா என்றால், இல்லை. கேடன்ஸை 5 முதல் 10% கூட்டினால் முழங்காலிலும் இடுப்பிலும் விழும் சுமை குறைகிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டியிருக்கிறார்கள். முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது, கால் உடம்புக்கு வெகு முன்னால் போய் விழுகிறது என்றால் அதற்காகக் கேடன்ஸைக் கூட்டுங்கள், வலி குறைகிறதா என்று பாருங்கள். காரணம் இருந்து செய்யுங்கள், நிறத்துக்காகச் செய்யாதீர்கள். எல்லோருக்கும் 180 என்ற எண்ணும் அப்படித்தான், அது பந்தய வேகத்தில் ஓடும் உயர்நிலை வீரர்களைப் பார்த்து வந்த எண், உங்கள் 7:00 பேஸுக்கு அதைக் கொண்டுவந்து ஒட்ட முடியாது.

## அறிகுறி 3: மேல்கீழ் அசைவு அதிகம், "குதிக்கிறாய்" என்கிறார்கள்

கேட்டால் நியாயமாகத்தான் படும். மேலே போகிற சக்தி வீண், முன்னால் போக வேண்டும், அதனால் அசைவைக் குறை. இதை நம்பி முழங்காலை மடக்கி, உட்கார்ந்த மாதிரி தரையோடு வழுக்கிக்கொண்டு ஓடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வாட்சில் 9 செ.மீ. 7-க்கு இறங்கும், ஆனால் அதே பேஸில் இதயத் துடிப்பு ஏறும், தொடை எரியும்.

ஏன் என்பதற்கும் அதே கணக்கு போதும். 7:00 பேஸில் அவருக்கு ஒரு அடி 380 மில்லி செகண்ட், தரையில் 312, அப்படியானால் காற்றில் இருப்பது 68 மில்லி செகண்ட் மட்டும். அவ்வளவு சின்ன நேரத்தில் ஒரு உடம்பு எவ்வளவு உயரம் எழும்ப முடியும்? புவியீர்ப்பை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 0.6 செ.மீ. ஆனால் வாட்ச் காட்டும் மேல்கீழ் அசைவு 9 செ.மீ. மீதி 8 செ.மீ.க்கு மேல் எங்கே நடக்கிறது? கால் தரையில் இருக்கும்போதே. பாதம் பட்டதும் முழங்காலும் கணுக்காலும் மடங்கி உடம்பு இறங்குகிறது, அப்புறம் தசைநார்கள் அந்தச் சுமையை ஸ்பிரிங் போல வாங்கித் திருப்பிக் கொடுக்க உடம்பு ஏறுகிறது. வாட்ச் காட்டுவதில் பெரும்பகுதி இந்த இறக்கமும் ஏற்றமும்தான். இதில் குதிப்பு எங்கே இருக்கிறது? இதைக் கட்டாயமாக அடக்கினால் இலவசமாகத் திரும்பி வரும் சக்தியை அடக்கிவிட்டு, அந்த வேலையைத் தசையின் தலையில் கட்டுகிறீர்கள்.

கார்மின் அட்டவணையில் 8.2 முதல் 9.7 செ.மீ. வரை பச்சை, 11.5-க்கு மேல் சிவப்பு. இதையும் தனியாகப் படிக்க வேண்டாம். உயரமானவருக்கு அடி நீண்டிருக்கும், அசைவும் அதற்கேற்பக் கூடும். அடி நீளத்தோடு சேர்த்துப் படிப்பதற்காகத்தான் வெர்டிகல் ரேஷியோ. நம் உதாரணத்தில் 7:00 பேஸில் அசைவு 9.0 செ.மீ., அடி நீளம் 90 செ.மீ., ரேஷியோ 10%, ஆரஞ்சு. 5:00 பேஸில் அசைவு 9.2, அடி நீளம் 118, ரேஷியோ 7.8%, பச்சை. அசைவு மாறவே இல்லை என்று சொல்லலாம், கொஞ்சம் கூடியும் இருக்கிறது. ரேஷியோ "முன்னேறியது" அடி நீண்டதால், அடி நீண்டது வேகத்தால். ஆக இந்த எண்ணும் வேகத்தின் நிழல்தான், ஒரே பேஸில் பார்த்தால் மட்டுமே ஏதாவது சொல்லும்.

அப்படியானால் மேல்கீழ் அசைவை எப்போதாவது கவனிக்க வேண்டுமா? ஒரே ஒரு சூழ்நிலையில். ஒரே பேஸில் உங்கள் வழக்கமான எண்ணை விட 1.5, 2 செ.மீ. கூடி, கேடன்ஸும் குறைந்து, அது வாரக்கணக்கில் நீடித்தால். அடி நீண்டு, கால் முன்னால் போய் விழுகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். பக்கவாட்டில் நின்று ஒருவரைப் போனில் ஸ்லோ மோஷனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பாதம் தரையைத் தொடும் அந்த ஒரு ஃபிரேமில் நிறுத்திப் பாருங்கள், முழங்கால் நேராக நீட்டிக்கொண்டு பாதம் முழங்காலுக்கு வெகு முன்னால் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. அந்த ஒரு ஃபிரேம் சொல்வதை அசைவு எண் எத்தனை நாள் பார்த்தாலும் சொல்லாது.

## அறிகுறி 4: பேலன்ஸ் 51.4 – 48.6, ஒரு கால் பலவீனமா?

தரை நேரம் இடது காலுக்கும் வலது காலுக்கும் எத்தனை சதவீதமாகப் பிரிகிறது என்பதுதான் பேலன்ஸ். முதலில் இந்த எண்ணின் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். சராசரி தரை நேரம் 280 என்றால், 51.4 – 48.6 என்பது ஒரு கால் 288, மற்றது 272. வித்தியாசம் 16 மில்லி செகண்ட். கணித்துச் சொல்லும் எண்ணில் இதற்கு நடுங்க வேண்டியதில்லை. நெஞ்சுப் பட்டை அல்லது இடுப்பில் மாட்டும் சின்ன சென்சார் இருந்தால்தான் இது ஓரளவாவது நம்பத் தக்கது. மனித உடம்பு எதிலும் சரிபாதி கிடையாது.

சரி, எப்படிச் சோதிப்பது? ரோடு நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும், எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் படும். அதனால் ஒரே ரோட்டில், ஒரே ஓரத்தில், 1 கி.மீ. போய் அதே தடத்தில் திரும்பி வாருங்கள், இரண்டும் தனி லேப். போகும்போது இடது 51.4, வரும்போது வலது 51.4 என்று புரண்டால் பிரச்சினை ரோட்டில் இருக்கிறது. டிராக்கில் ஓடுபவர்களுக்கு இதே வேலையை வளைவு செய்யும், அங்கே ஆள் இல்லாத நேரத்தில் எதிர்த் திசையில் ஓடிப் பாருங்கள். இரண்டு திசையிலும் ஒரே கால்தான் அதிகம் என்றால், பட்டையைக் கழற்றி, ஈரப்படுத்தி, லோகோ நேராக நடுவில் வரும்படி மீண்டும் மாட்டி இன்னொரு முறை. பட்டை தலைகீழாக இருந்தால் இடது வலதே மாறிப்போகும்.

அதற்கப்புறமும் அப்படியே வந்தால்? இங்கே நான் பார்ப்பது எண்ணை அல்ல, நகர்வை. பல மாதமாக 51.3, வலி எதுவும் இல்லை என்றால் அது உங்கள் இயல்பு, அதைச் சரிசெய்யப் போனால் நல்லா இருப்பதைக் கெடுப்பீர்கள். ஆனால் எப்போதும் 50.2-ல் இருந்தவருக்கு இரண்டு வாரத்தில் 52-க்குப் போய் அங்கேயே நின்றால், உடம்பு ஒரு காலைப் பாதுகாக்கிறது என்று எடுத்துக்கொண்டு விசாரியுங்கள். படியில் இறங்கும்போது ஒரு பக்கம் பிடிக்கிறதா, காலையில் குதிகால் இறுகியிருக்கிறதா, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்கினால் இரண்டு காலும் ஒரே எண்ணிக்கை தாங்குகிறதா. தரை நேரம் அதிகமுள்ள கால்தான் பலவீனமான கால் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள், எண்ணிலிருந்து அதைச் சொல்ல முடியாது. வலி இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள், போகும்போது இந்த வரைபடம் எந்தத் தேதியில் நகர ஆரம்பித்தது என்பதைச் சொல்லுங்கள், அவர்களுக்கு அது உதவும். காயத்திலிருந்து திரும்பி வருபவர்களுக்கும் இந்த எண் நிஜமாகவே பயன்படும், காயத்துக்கு முன்னால் இருந்த இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்க்க.

## அறிகுறி 5: லாங் ரன்னின் கடைசியில் தரை நேரம் ஏறிக்கொண்டே போகிறது

இத்தனை எண்களில் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இங்கே ஒப்பீடு ஒரே நாளில், ஒரே ஷூவில், ஒரே கருவியில் நடக்கிறது. மேலே சொன்ன சந்தேகங்களில் பாதி தானாகவே விலகிவிடும்.

முதல் கேள்வி எப்போதும் பேஸ். 6:15-ல் தொடங்கி கடைசியில் 6:50-க்குப் போய்விட்டீர்கள் என்றால் தரை நேரம் ஏறியதில் ஆச்சரியம் இல்லை, வேகம் குறைந்ததே அதற்குப் போதுமான காரணம், தனியாக ஒரு செய்தியும் அதில் இல்லை. இரண்டாவது, பாதை. கடைசிப் பகுதி ஏற்றமாக இருந்தாலும், எதிர்க்காற்றாக இருந்தாலும் அந்தக் கிலோமீட்டர்களை விலக்கிவிட்டுச் சமதளமானவற்றை மட்டும் எடுங்கள்.

இப்போது 18 கி.மீ. ஓட்டம் ஒன்றை எடுப்போம், பேஸ் முழுவதும் 6:15. முதல் கிலோமீட்டரை விட்டுவிட்டு, 2 முதல் 5 வரை பார்த்தால் கேடன்ஸ் 166, தரை நேரம் 268, பங்கு 74%. கடைசி 3 கிலோமீட்டரில் கேடன்ஸ் 163, தரை நேரம் 284, பங்கு 77%. பேஸ் மாறவில்லை, பங்கு மாறிவிட்டது. கேடன்ஸ் குறைந்ததால் மட்டும் தரை நேரம் கூடியிருந்தால் 273 வந்திருக்கும், மீதி 11 மில்லி செகண்ட் களைப்பின் பங்கு. கால் அந்தச் சுமையை முன்பு போல விறைப்பாகத் தாங்கவில்லை, ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் அதிகமாக அமுங்கி, கொஞ்சம் தாமதமாக எழுகிறது. அதே பேஸைப் பிடிக்க இப்போது அதிகம் உழைக்கிறீர்கள், இதயத் துடிப்பும் அந்த இடத்தில் ஏறியிருக்கும், சேர்த்துப் பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைத் திருத்த முயலாதீர்கள். 16-வது கிலோமீட்டரில் வாட்சைப் பார்த்து "தரை நேரம் 284, காலைச் சீக்கிரம் தூக்கு" என்று மனதுக்குள் கட்டளை போட்டால் களைத்த காலுக்கு இன்னொரு வேலை கொடுத்ததாகும். அந்த எண்ணை வாட்ச் திரையிலிருந்தே எடுத்துவிடலாம், வீட்டுக்கு வந்து பார்த்தால் போதும்.

பார்க்க வேண்டியது இந்தச் சரிவு, அதாவது பங்கு ஏறுவது, எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை. 13-வது கிலோமீட்டர் வரை பங்கு 74-லேயே நின்று அதன் பிறகுதான் ஏறுகிறது என்றால், இப்போதைக்கு இந்த பேஸில் உங்கள் காலின் எல்லை 13 கி.மீ. சுற்றளவில் இருக்கிறது. 4-வது கிலோமீட்டரிலேயே ஏறத் தொடங்கினால் காரணம் அன்றைய ஓட்டத்தில் இருக்க வாய்ப்பு குறைவு. முந்தைய நாள் வேகப் பயிற்சி, தூக்கமின்மை, வெயில் என்று முன்னால் போய்த் தேடுங்கள். ஒரு நாள் அப்படி வந்தால் விடுங்கள், தொடர்ந்து மூன்று லாங் ரன்னில் சரிவு முன்னால் நகர்ந்து வந்தால் அந்த வாரம் தூரத்தைக் குறையுங்கள்.

சரிவைப் பின்னால் தள்ள என்ன செய்வது என்றால், ஓட்ட முறையில் கை வைக்காமலேயே செய்யலாம். லாங் ரன் பேஸை கிலோமீட்டருக்கு 15 வினாடி தளர்த்துங்கள், தூரத்தை மெதுவாகக் கூட்டுங்கள். வாரத்தில் இரண்டு நாள் ஒற்றைக் காலில் குதிகால் தூக்கும் பயிற்சி, முழங்காலை நேராக வைத்து ஒரு முறை, மடக்கி ஒரு முறை. ஈஸி ரன்னின் முடிவில் 20 வினாடி வேக ஓட்டம் நாலைந்து, நடுவில் நன்றாக நடந்து ஓய்வெடுத்து. தசைநார் விறைப்பாக வாரங்கள் ஆகும், அதனால் இரண்டு வாரத்தில் எண்ணைத் தேடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, அதே பாதையில், அதே 6:15 பேஸில், முடிந்தால் அதே ஷூவில் 18 கி.மீ. ஓடி, பங்கு 74-ஐ விட்டு நகரும் கிலோமீட்டர் எது என்று பாருங்கள்.